இருபதா, மூன்றில் இரண்டா? மும்பை சொசைட்டி விதிகளைத் தமிழில் எழுதிய வேலைக் குறிப்புகள்

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர்ப் பக்கத்து கூட்டுறவு வீட்டுவசதி சொசைட்டிகளில் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் இன்னும் கணிசமாக இருக்கிறார்கள். விதிப்புத்தகம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பொதுக்குழு அறிவிப்பும் அப்படியே. யாராவது வாயால் சொல்லும் சுருக்கம்தான் இவர்களுக்கு விதி. அந்தச் சுருக்கத்தில் எண்களும் நிபந்தனைகளும்தான் முதலில் உதிரும். கீழே உள்ளவை 84 உறுப்பினர் கொண்ட ஒரு சொசைட்டியை மாதிரியாக எடுத்துக்கொண்டு எழுதியவை. மகாராஷ்டிராவின் 2014 மாதிரி துணைவிதிகளைத்தான் பெரும்பாலான சொசைட்டிகள் பின்பற்றுகின்றன, அதனால் எண்கள் அதிலிருந்து.

மொழிபெயர்க்க உட்காரும் முன் எந்தப் பிரதி என்று முடிவு செய்ய வேண்டும். கடையில் விற்கும் மாதிரி விதிப்புத்தகம் உங்கள் சொசைட்டியின் விதி ஆகாது. பதிவாளர் அலுவலக முத்திரையும் பதிவு எண்ணும் உள்ள பிரதிதான் விதி. செக்ரட்டரியிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு செய்த திருத்தங்களின் ஒப்புதல் தாள்களையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் அவை பெரும்பாலும் தனிக் கோப்பில் கிடக்கும். சொசைட்டி ஏற்றுக்கொண்ட விதி மராத்தியில் என்றால் மராத்தியிலிருந்தே தமிழுக்கு வர வேண்டும். ஆங்கில மாதிரி கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று அதிலிருந்து செய்தால், திருத்தப்பட்ட இடங்களில் பழைய விதியைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்ததாக முடியும்.

விதி எண்களை மாற்றக் கூடாது. மூலத்தில் ஒரு விதி நீளமாக இருந்தால் தமிழில் மூன்று வாக்கியமாக உடைக்கலாம், ஆனால் எண் ஒன்றுதான். கூட்டத்தில் ஒருவர் மராத்திப் பிரதியை வைத்து எண் சொல்லும்போது தமிழ்ப் பிரதி வைத்திருப்பவரும் அதே இடத்தைத் திறக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு வரி போதும்: "இது படித்துப் புரிந்துகொள்வதற்கான தமிழாக்கம். பொருளில் வேறுபாடு தோன்றினால் பதிவாளர் ஒப்புதல் பெற்ற மூலமே செல்லும்."

குறைவெண்

கோரம் என்பது எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். அச்சில் வந்தால் அதற்கு வேறு முகம் இருக்கிறது. "கோரம் இல்லாமல் கூட்டம் நடந்தது" என்று எழுதினால் அமைதியாக நடந்தது போலக்கூடப் படிக்கலாம். அரசுத் தமிழில் குறைவெண் என்கிறார்கள். அதையும் விளக்கமில்லாமல் போட்டால் "குறைந்த எண்ணிக்கை" என்றுதான் புரியும். ஆகவே முதல் முறை வரும் இடத்தில் "குறைவெண் (கோரம்): கூட்டம் நடத்துவதற்குக் குறைந்தது வந்திருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை" என்று எழுதிவிட்டு, பிறகு குறைவெண் என்றே கொண்டுபோவது நல்லது. நடுவில் ஓரிடத்தில் "போதிய வருகை" என்றோ "குறைந்தபட்ச ஆஜர்" என்றோ மாற்றினால் படிப்பவர் அது வேறு ஏதோ விதி என்று நினைப்பார். விதிமொழியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது குற்றமே இல்லை.

மாதிரி விதியில் பொதுக்குழுவின் குறைவெண் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20, இவ்விரண்டில் குறைவானது. தமிழில் இதை இப்படி வைக்கலாம்: "மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அல்லது 20 உறுப்பினர்கள், இவ்விரண்டில் எந்த எண்ணிக்கை குறைவோ அதுவே பொதுக்குழுவின் குறைவெண் ஆகும்." இதில் கடைசிப் பகுதி விழுந்துவிட்டால் விதியே குலைந்துவிடும். "மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20 பேர் வர வேண்டும்" என்று மட்டும் எழுதிய தாளைப் பார்த்து, 84 பேர் உள்ள இடத்தில் 56 பேர் வராததால் கூட்டமே செல்லாது என்று ஒருவர் வாதாடலாம். விதிப்படி அங்கே 20 பேர் போதும்.

எந்த இடத்தில் எண் மாறுகிறது என்பதை அடிக்குறிப்பாகப் போட்டுவிட்டால் சண்டை பாதியாகக் குறையும். 30 உறுப்பினர் உள்ள சொசைட்டியில் மூன்றில் இரண்டும் 20தான். 30-க்கு மேல் எத்தனை பேர் இருந்தாலும் குறைவெண் 20. அதற்குக் கீழே கணக்குப் போட வேண்டும்: 24 பேருக்கு 16. 25 பேருக்குக் கணக்கு 16.67 வரும். 16 பேர் வந்தால் மூன்றில் இரண்டுக்குக் குறைவு, ஆகவே 17 வேண்டும். இந்த அடிக்குறிப்பு மூலத்தில் இல்லாதது. அதனால் விதிக்குள் சேர்க்காமல், கோடு போட்டுப் பிரித்து, "விளக்கம்" என்று தலைப்பிட்டு வைக்க வேண்டும்.

பின்னத்தை 2/3 என்று அச்சிடாமல் "மூன்றில் இரண்டு பங்கு" என்றே எழுதுவது நல்லது. அறிவிப்புப் பலகையில் 2/3 என்பதை "இரண்டு மூன்று பேர்" என்றும் மார்ச் 2 என்றும் படிக்க இடமிருக்கிறது. அதே போல "20 பேர்" என்பதும் சரியல்ல. விதி எண்ணுவது உறுப்பினர்களை. வாடகைக்கு இருப்பவரும், அப்பாவுக்குப் பதிலாக வந்த மகனும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் எண்ணிக்கையில் சேர்ந்துவிட மாட்டார்கள்.

அரை மணி நேரமும் அதற்குப் பிறகும்

குறிப்பிட்ட நேரத்திலிருந்து அரை மணிக்குள் குறைவெண் சேராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்படும். அது எங்கே போகிறது என்பதற்கு விதி இரண்டு வழி தருகிறது. அறிவிப்பிலேயே குறித்திருந்தால் அதே நாள் பிந்திய நேரம். இல்லையென்றால் 7 நாட்களுக்கு முந்தாமலும் 30 நாட்களுக்குப் பிந்தாமலும் வேறொரு தேதி. ஒத்திவைத்த கூட்டத்தில் குறைவெண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலுவல்களை நடத்த வேண்டும்.

இங்கே மொழிபெயர்ப்பில் கெடுவது இரண்டு. ஒன்று, "ரத்து" என்ற சொல். ரத்தான கூட்டத்துக்குப் புதிதாக அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று படிப்பவர் நினைப்பார். வீட்டுக்குப் போனவர் திரும்பி வர மாட்டார். ஒத்திவைத்தது அதே கூட்டத்தின் தொடர்ச்சி, அதே அலுவல் பட்டியல்தான். மற்றொன்று, "அறிவிப்பில் குறித்திருந்தால்" என்ற நிபந்தனை காணாமல் போவது. அது இல்லாமல் எழுதினால், அறிவிப்பில் ஒன்றும் சொல்லாமலே அன்றே அரை மணி கழித்து ஐந்து பேரை வைத்து நடத்திவிடலாம் என்ற அர்த்தம் வந்துவிடும். "7 முதல் 30 நாட்களுக்குள்" என்ற சுருக்கமும் வேண்டாம். முந்தாமலும் பிந்தாமலும் என்ற இரண்டு எல்லையும் அதில் மங்கிவிடும்.

நாள் கணக்கு

ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 14 முழு நாள் முன்னறிவிப்பு, சிறப்புப் பொதுக்குழுவுக்கு 5 முழு நாள். அறிவிப்பு அனுப்பிய நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் சேராது. "14 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும்" என்று எழுதினால் இந்த விலக்கு தெரியாது, ஒரு நாள் தவறும். "அறிவிப்பு அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் விட்டுவிட்டு, இடையில் 14 முழு நாட்கள் இருக்க வேண்டும்" என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

கணக்காகவே பார்க்கலாம். கூட்டம் 2025 செப்டம்பர் 28, ஞாயிறு. 14-ஆம் தேதி முதல் 27 வரை எண்ணினால் 14 நாள். ஆகவே அறிவிப்பு 13-ஆம் தேதிக்குள் போயிருக்க வேண்டும். 14-ஆம் தேதி கொடுத்தால் இடையில் 13 நாள்தான், அதை வைத்துக் கூட்டத்தை எதிர்க்கலாம். ஆண்டுப் பொதுக்குழுவை செப்டம்பர் 30-க்குள் நடத்தியாக வேண்டும் என்பதால், மாதக் கடைசியில் தேதி வைக்கும் சொசைட்டிகளுக்கு ஒத்திவைப்பை 7 நாள் தள்ள இடமிருக்காது. அதே நாள் பிந்திய நேரத்தை அறிவிப்பில் குறித்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வரியை "வழக்கமான வாசகம்தானே" என்று தமிழில் விட்டுவிடக் கூடாது.

எதில் மூன்றில் இரண்டு

துணைவிதியைத் திருத்தும் தீர்மானத்துக்கு, கூட்டத்துக்கு வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஆதரவு வேண்டும். பிறகு பதிவாளர் ஒப்புதலும் வேண்டும். இந்த முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய வாக்கியம் இதுதான், ஏனென்றால் தமிழில் இதைச் சறுக்காமல் சொல்வது கடினம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "வந்திருப்போர் மற்றும் வாக்களிப்போரில்" என்று வரும். படித்தால் வந்தவர் ஒரு கூட்டம், வாக்களித்தவர் இன்னொரு கூட்டம் போலத் தோன்றும். மூலம் சொல்வது ஒரே கூட்டத்தை: வந்தும் இருக்க வேண்டும், வாக்கும் அளித்திருக்க வேண்டும்.

84 உறுப்பினர், கூட்டத்துக்கு வந்தவர் 40. தீர்மானத்துக்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, வாக்களிக்காமல் இருந்தவர் 7. வாக்களித்தவர் 33, அதில் மூன்றில் இரண்டு சரியாக 22. தீர்மானம் நிறைவேறியது. இதையே "வந்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு" என்று தமிழாக்கியிருந்தால் 27 வேண்டும், தோற்றது. "உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு" என்றால் 56 வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கைதூக்கினாலும் நிறைவேறாது. ஒரே வாக்கெடுப்புக்கு மூன்று அடித்தளம். ஆகவே தமிழில் எங்கெல்லாம் பங்கு வருகிறதோ அங்கெல்லாம் "எவர்களில்" என்ற கேள்விக்கு விடை அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

"குறையாத" என்பதும் அங்கே வேலை செய்கிறது. 22 என்பது சரியாக மூன்றில் இரண்டு. "மூன்றில் இரண்டுக்கு மேல்" என்று எழுதியிருந்தால் 23 வேண்டியிருக்கும். சாதாரணப் பெரும்பான்மையில் இது தலைகீழ்: அங்கே பாதி போதாது, பாதிக்கு மேல் வேண்டும். வாக்குகள் சமமாக வந்தால் கூட்டத் தலைவருக்குத் தீர்வு வாக்கு உண்டு. "தலைவரின் முடிவே இறுதி" என்று அதைத் தமிழாக்கினால் அவருக்கு இல்லாத அதிகாரத்தைக் கொடுத்ததாக ஆகும்.

யார் வாக்களிக்கலாம்

இணை என்ற சொல்லை இங்கே தொடவே கூடாது. கூட்டாகப் பங்கு வைத்திருப்பவருக்கும் அதைத்தான் போடுகிறார்கள், உறுப்பினரின் சம்மதத்தோடு அவருக்காகச் சேர்க்கப்பட்டவருக்கும் அதையேதான் போடுகிறார்கள். 2019-இல் மகாராஷ்டிரா கூட்டுறவுச் சட்டத்தில் வீட்டுவசதி சொசைட்டிகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்த பிறகு இந்த இருவரும் தெளிவாக வேறு. முதலாமவரைக் கூட்டு உறுப்பினர் என்றும் இரண்டாமவரைத் துணை உறுப்பினர் என்றும் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. உறுப்பினர் இறந்த பின் நியமனத்தின் பேரில் தற்காலிகமாகச் சேர்க்கப்படுபவர் தற்காலிக உறுப்பினர்.

கூட்டு உறுப்பினர் வாக்கு வரிசைப்படி போகிறது: "ஷேர் சர்டிபிகேட்டில் முதலில் பெயர் உள்ளவர் வந்திருந்தால் அவர் வாக்களிப்பார். அவர் வராவிட்டால் இரண்டாவது பெயருக்குரியவர். இருவரும் வராவிட்டால் அடுத்த பெயருக்குரியவர். வாக்களிப்பவர் மைனராக இருக்கக் கூடாது." மூலத்தில் இது ஒரே நீள வாக்கியம். தமிழில் ஒரே வாக்கியமாக இழுத்தால் "வராவிட்டால்" யாரோடு சேர்கிறது என்று தெரியாது. உடைப்பதுதான் சரி. துணை உறுப்பினர் வாக்களிக்க உறுப்பினரின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதைத் தனி வாக்கியமாக வையுங்கள்.

மாதிரி விதிப்படி உறுப்பினருக்குப் பதிலாக வரும் ஆள், பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருப்பவர், அதிகாரக் கடிதம் கொண்டுவருபவர் ஆகிய மூவரும் உறுப்பினர் சார்பில் பொதுக்குழுவில் கலந்துகொள்ள முடியாது. இதில் "பிரதிநிதி" என்று எழுதினால் ஒரு சிக்கல்: கமிட்டி உறுப்பினர்களையும் பேச்சுவழக்கில் உறுப்பினர்களின் பிரதிநிதிகள் என்றுதான் சொல்கிறோம். "பதிலாள்" என்று எழுதிவிட்டு, மூன்று வகையையும் பெயர் சொல்லி அடுக்குங்கள். ஊரில் இருக்கும் அண்ணன் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தது போதும் என்று நம்பி வருபவர்கள் வாசலில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

செய்யலாம், செய்ய வேண்டும்

சிறப்புப் பொதுக்குழு பற்றிய விதியில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. தலைவர் விரும்பினாலோ கமிட்டியில் பெரும்பான்மையினர் முடிவெடுத்தாலோ எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு எழுத்தில் கேட்டால், அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கூட்டியே ஆக வேண்டும். 84 பேரில் ஐந்தில் ஒன்று 16.8, ஆகவே 17 கையெழுத்து. இரண்டையும் "கூட்டப்படும்" என்று சமன்படுத்தினால் உறுப்பினர்களின் உரிமை கமிட்டியின் விருப்பமாக மாறிவிடும். "-ப்படும்" என்ற முடிவையே விதித் தமிழில் தவிர்க்கலாம். அது கடமையா, அனுமதியா, வருங்காலச் செய்தியா என்பது தெரிவதில்லை.

உறுப்பினர் கடமைகளில் அதிகம் வம்பு வருவது வீட்டுக்குள் மாற்றம் செய்வதில். "கமிட்டியின் முன் அனுமதியை எழுத்துமூலம் பெற வேண்டும்" என்றால் உறுப்பினர் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று படிக்கிறார்கள், கொடுத்த மறுநாள் சுவரை இடிக்கிறார்கள். எழுத்தில் இருக்க வேண்டியது அனுமதி. "கமிட்டி எழுதிக் கொடுத்த அனுமதி கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்" என்று எழுதினால் அந்த ஓட்டை அடைபடும்.

பாக்கிக்கான வட்டியிலும் கவனம் வேண்டும். மாதிரி விதியில் ஆண்டுக்கு 21 விழுக்காடு வரை தனிவட்டி, விகிதத்தைப் பொதுக்குழு தீர்மானிக்கும். நம்மவர்கள் "ரெண்டு வட்டி" என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு. "ஆண்டுக்கு", "தனிவட்டி", "மேற்படாமல்" மூன்றும் இல்லாமல் "21 வட்டி" என்று பலகையில் போட்டால் கமிட்டி கந்துவட்டி வாங்குகிறது என்றுதான் பேச்சு கிளம்பும்.

அறிவிப்பு எப்படி அமையும்

மேலே சொன்னவற்றைச் சேர்த்து எழுதினால் அறிவிப்பின் நடுப்பகுதி இப்படி வரும்:

> சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் 28-09-2025 ஞாயிறு காலை 10.00 மணிக்குச் சொசைட்டி அலுவலகத்தில் நடைபெறும். இந்த அறிவிப்பு உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்ட நாள்: 12-09-2025.
>
> குறைவெண்: 20 உறுப்பினர்கள். காலை 10.30 மணிக்குள் குறைவெண் சேராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, அதே நாள் அதே இடத்தில் காலை 11.00 மணிக்கு நடைபெறும். 11.00 மணிக் கூட்டத்தில் குறைவெண் இல்லாவிட்டாலும், கீழ்க்கண்ட அலுவல்களை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.
>
> பதிலாளோ, பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருப்பவரோ, அதிகாரக் கடிதம் கொண்டுவருபவரோ உறுப்பினர் சார்பில் கலந்துகொள்ள முடியாது.

அலுவல் பட்டியலின் கடைசியில் வழக்கமாக வரும் "பிற விஷயங்கள்" என்ற வரிக்கு ஒரு வால் உண்டு: "முறையான முன்னறிவிப்பு தேவைப்படுபவை நீங்கலாக". அதை வெட்டினால், விதித் திருத்தத்தைக்கூடக் கடைசி ஐந்து நிமிடத்தில் கொண்டுவரலாம் என்று ஆகிவிடும். நாளும் நேரமும் மூலத்தில் எத்தனை இடத்தில் வருகிறதோ தமிழிலும் அத்தனை இடத்தில் வர வேண்டும். "மேற்படி நாளில்" என்று சுருக்க வேண்டாம்.

சரிபார்ப்பு

மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது எண்களையும் விடுபட்ட நிபந்தனைகளையும் பிடிக்கும், ஆனால் தெளிவின்மையைப் பிடிக்காது. மூலம் தெரிந்தவர் தமிழை மூலத்தின் அர்த்தத்திலேயே படித்துவிடுவார். அதனால் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, சூழ்நிலைகளைக் கேளுங்கள். 10.30-க்கு 19 பேர் இருக்கிறார்கள், என்ன செய்ய வேண்டும்? வந்தவர் 40, ஆதரவு 22, எதிர்ப்பு 11, விதித் திருத்தம் நிறைவேறியதா? கணவர் பெயர் முதலில், மனைவி பெயர் இரண்டாவது, இருவருமே வந்திருக்கிறார்கள், யார் கைதூக்குவது? 16 பேர் கையெழுத்திட்ட கடிதம் வந்திருக்கிறது, கமிட்டி கூட்டியே ஆக வேண்டுமா?

விடை தவறாக வந்தால் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். எந்த வரியை வைத்து அப்படிச் சொன்னார் என்று மட்டும் கேட்டு, அந்த வரியைத் திருத்திவிட்டு, வேறொருவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். விடை சொல்லத் தயங்கினாலும் வரியில் கோளாறு என்றே வைத்துக்கொள்ளலாம், ஒரு விலக்குத் தவிர: சில இடங்களில் மூலமே தெளிவில்லாமல் இருக்கும். அங்கே தமிழில் தெளிவைக் கூட்டுவது மொழிபெயர்ப்பவர் வேலை அல்ல. இரண்டு பொருளுக்கும் இடம்தரும்படியே எழுதி, ஓரத்தில் குறி வைத்து, செக்ரட்டரியிடம் எழுத்தில் கேட்டு, அவர் பதிலின் தேதியோடு "விளக்கம்" பகுதியில் சேர்த்துவிடலாம்.